இல்லாத சட்டத்துக்கு வந்த ‘விளைவு’: எச்சங்களின் தொடர் ஒட்டுறவும் ஏமாற்றும் திட்டப்பிழையும்

ஒரு மாநிலம் புதிதாக ஒரு சட்டம் கொண்டுவருகிறது, பக்கத்து மாநிலம் கொண்டுவரவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வு வெளியாகிறது: சட்டத்தால் கூலி இத்தனை சதவீதம் கூடியிருக்கிறது, அது தற்செயலாக வந்ததல்ல என்று புள்ளியியல் சொல்கிறது. அட்டவணையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரக் குறிகளும் இருக்கும். இந்த நட்சத்திரங்களை எவ்வளவு நம்பலாம் என்று மரியான் பெர்ட்ராண்ட், எஸ்தர் டுஃப்லோ, செந்தில் முல்லைநாதன் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கட்டுரை 2004-இல் வெளியானது. டுஃப்லோ பிறகு நோபல் பரிசு பெற்றவர். முல்லைநாதன் தமிழ்நாட்டில் பிறந்தவர்.

அவர்கள் செய்தது எளிமையான ஒரு குறும்பு. அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 1979 முதல் 1999 வரை, 25 முதல் 50 வயதுவரை உள்ள பெண்களின் கூலி விவரத்தை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் குலுக்கல் முறையில் 25 மாநிலங்களையும், 1985-க்கும் 1995-க்கும் இடையில் ஓர் ஆண்டையும் தேர்ந்தெடுத்து, அந்த மாநிலங்களில் அந்த ஆண்டில் ஒரு சட்டம் வந்ததாக வைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு சட்டம் எங்குமே வரவில்லை. எனவே அதன் உண்மையான விளைவு பூஜ்யம். பிறகு ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் வழக்கமான ரிக்ரஷனை ஓட்டி, ‘சட்டத்தின் விளைவு’ குறிப்பிடத்தக்கது என்று மென்பொருள் சொல்கிறதா என்று பார்த்தார்கள். குலுக்கலை மாற்றி மாற்றி இதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள்.

5 சதவீத அளவுகோலை வைத்தால், 100 போலிச் சட்டங்களில் ஏறக்குறைய 5 மட்டுமே தற்செயலாகத் தேற வேண்டும். ஆனால் 45 வரை தேறின. நடக்காத சட்டத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டில் ஒரு முறை நட்சத்திரக் குறி கிடைத்தது.

## திட்டப்பிழை எதைக் கணக்கிடுகிறது

ரிக்ரஷன் இரண்டு எண்களைத் தருகிறது. ஒன்று கெழு: சட்டம் வந்தால் கூலி எவ்வளவு மாறுகிறது என்ற மதிப்பீடு. இன்னொன்று திட்டப்பிழை: இதே ஆய்வை வேறொரு தற்செயல் சூழலில் மறுபடி செய்தால் அந்தக் கெழு எவ்வளவு தூரம் ஆடும் என்ற மதிப்பீடு. கெழுவைத் திட்டப்பிழையால் வகுத்தால் வருவது t மதிப்பு. அது சுமார் 2-ஐத் தாண்டினால் நட்சத்திரம் விழும். ஆக, திட்டப்பிழை உண்மையைவிடச் சிறியதாக வந்துவிட்டால், கெழுவில் எந்தக் கோளாறும் இல்லாமலே நட்சத்திரம் விழுந்துவிடும்.

மாதிரி, அதாவது ரிக்ரஷன் சமன்பாடு, விளக்கியது போக மிஞ்சுவது எச்சம். ஒரு மாநிலத்தின் அந்த ஆண்டுக் கூலி, மாதிரி எதிர்பார்த்ததைவிட எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதுதான் அது. வழக்கமான திட்டப்பிழைச் சூத்திரம் இந்த எச்சங்களின் பரவலையும் சட்ட மாறியின் பரவலையும் வரிசைகளின் எண்ணிக்கையையும் மட்டும் பார்க்கும். 50 மாநிலம், 21 ஆண்டு என்றால் 1,050 வரிசைகள். 1,050 தனித்தனிச் சாட்சிகள் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் காதில் வாங்கவில்லை என்ற அனுமானம் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது.

மாநிலங்களின் கூலி அப்படி நடந்துகொள்வதில்லை. 1986-இல் எண்ணெய் விலை சரிந்தபோது டெக்சாஸ், ஓக்லஹோமா போன்ற எண்ணெய் மாநிலங்கள் அந்த ஒரு வருடம் மட்டும் அடிபடவில்லை. தாக்கம் சில ஆண்டுகள் நீடித்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும், ஒவ்வொரு ஆண்டுக்கும் தனித்தனி நிலை விளைவு மாதிரியில் உண்டுதான். ஆனால் அவை பிடிப்பது இரண்டை மட்டும்: மாநிலங்களுக்கு இடையில் எப்போதும் இருக்கும் வித்தியாசம், நாடு முழுக்க ஒரே ஆண்டில் நடந்த மாற்றம். ஒரு மாநிலத்தில் மட்டும் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் அலை எச்சத்தில்தான் போய் விழும். இந்த ஆண்டு எச்சம் கூட்டல் குறியோடு இருந்தால் அடுத்த ஆண்டும் கூட்டலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதுதான் தொடர் ஒட்டுறவு.

## நான்கு எண்களில் முழுக் கதை

பிசகு எங்கே நுழைகிறது என்பதை நான்கு எச்சங்களை வைத்தே பார்த்துவிடலாம். சட்டம் வந்த பிறகான நான்கு ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் எச்சங்கள் +3, +4, +2, +3 என்று வைத்துக்கொள்வோம்.

கெழு எவ்வளவு ஆடும் என்பது இந்த எச்சங்களின் கூட்டுத்தொகை எவ்வளவு ஆடும் என்பதைப் பொறுத்தது. எச்சங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால், கூட்டுத்தொகையின் ஆட்டத்தை அளக்கத் தனித்தனி வர்க்கங்களைக் கூட்டினால் போதும்: 9 + 16 + 4 + 9 = 38. வழக்கமான சூத்திரம் இதைத்தான் செய்கிறது.

இப்போது முதலில் கூட்டிவிட்டு அப்புறம் வர்க்கம் எடுப்போம். 3 + 4 + 2 + 3 = 12; அதன் வர்க்கம் 144. 38-க்கும் 144-க்கும் உள்ள வித்தியாசம் 106. அது எங்கிருந்து வந்தது? ஓர் ஆண்டின் எச்சத்தை இன்னோர் ஆண்டின் எச்சத்தோடு பெருக்கிய குறுக்குப் பெருக்கங்களிலிருந்து. எச்சங்கள் உண்மையிலேயே தனித்தனியாக இருந்தால், +3, −4, −2, +3 என்பது போலக் குறிகள் கலந்து வரும். சில குறுக்குப் பெருக்கங்கள் கூட்டலாகவும் சில கழித்தலாகவும் இருக்கும்; பல மாநிலங்களைச் சேர்த்துப் பார்த்தால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அப்போது 38 சரியான விடை. எச்சங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் குறுக்குப் பெருக்கங்கள் எல்லாம் கூட்டலாக நின்றுவிடும். வழக்கமான சூத்திரம் அந்த 106-ஐக் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை.

இதன் உச்சகட்டம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், எக்செல் கோப்பில் எல்லா வரிசைகளையும் ஒரு முறை நகலெடுத்து அடியில் ஒட்டிப் பாருங்கள். கெழு மாறாது. திட்டப்பிழை மட்டும் ஏறக்குறைய 1.41-ஆல் வகுபட்டுச் சுருங்கும். புதுத் தகவல் ஒரு துளிகூட வரவில்லை, ஆனால் மென்பொருள் இரு மடங்கு சாட்சிகளைப் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறது. தொடர் ஒட்டுறவு என்பது இந்த நகலெடுப்பின் அரைகுறை வடிவம்.

## எச்சம் மட்டும் குற்றவாளி அல்ல

எச்சத்தில் ஒட்டுறவு இருந்தாலே திட்டப்பிழை தவறு என்று பாடப்புத்தகங்கள் சட்டென்று சொல்லிவிடும். அது பாதி உண்மை. விளக்க மாறியும், அதாவது எதன் விளைவைத் தேடுகிறோமோ அந்த மாறியும், காலத்தோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தால்தான் பெரிய சேதம். ஓர் ஆண்டின் மதிப்பு அடுத்த ஆண்டோடு கொண்ட ஒட்டுறவு, விளக்க மாறிக்கு rx என்றும் எச்சத்துக்கு re என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் ஆண்டுக்கு ஆண்டு ஒரே விகிதத்தில் தேய்கின்றன என்றால், நீண்ட தொடருக்குச் சரியான திட்டப்பிழையின் வர்க்கம் வழக்கமானதைப்போல் ஏறக்குறைய இத்தனை மடங்கு:

```
(1 + rx*re) / (1 - rx*re)
```

இதில் வருவது இரண்டின் பெருக்கல். விளக்க மாறி ஆண்டுக்கு ஆண்டு குருட்டாம்போக்கில் மாறினால் rx பூஜ்யம், மடங்கு 1. எச்சம் எவ்வளவு ஒட்டினாலும் வழக்கமான திட்டப்பிழை தாங்கும். விளக்க மாறி ஓர் ஆண்டு மேலே, மறு ஆண்டு கீழே என்று மாறிமாறிக் குதித்தால் rx கழித்தல் குறி பெறும். அப்போது வழக்கமான திட்டப்பிழை தேவைக்கு அதிகமாகப் பெரிதாகவே வரும். ஆக, பிசகு இரண்டு பக்கமும் போகலாம். நடைமுறையில் ஒரு பக்கமாகவே போவதற்குக் காரணம், நாம் ஆராயும் மாறிகள் பெரும்பாலும் மெதுவாக நகர்பவை.

அந்த வகையில் சட்டத்தை விட மோசமான மாறி கிடைப்பது கஷ்டம். சட்டம் வருமுன் 0, 0, 0. வந்தபின் 1, 1, 1. ஒரே ஒரு முறைதான் மாறுகிறது. எனவே rx ஏறக்குறைய 1. அதை 1 என்றே வைத்துக் கணக்கிட்டால்:

1. எச்சத்தின் ஒட்டுறவு 0.5 என்றால் மடங்கு 1.5 / 0.5 = 3. சரியான திட்டப்பிழை, காட்டப்பட்டதைப்போல் 1.73 மடங்கு. 5 சதவீதம் என்று நினைத்து நடத்தும் சோதனை உண்மையில் 26 சதவீத முறை பொய்யாக மணி அடிக்கும்.

2. ஒட்டுறவு 0.8 என்றால் மடங்கு 1.8 / 0.2 = 9. சரியான திட்டப்பிழை 3 மடங்கு. பொய் மணி 51 சதவீதம். அட்டவணையில் 2.4 என்று மிடுக்காக நிற்கும் t மதிப்பு உண்மையில் 0.8 தான்.

மூவர் பார்த்த கூலி விவரத்தில் ஓர் ஆண்டு இடைவெளி ஒட்டுறவு சுமார் 0.5. முதல் கணக்குப்படி 26 சதவீதம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ 45 வரை. ஏன் இந்த இடைவெளி? சூத்திரம் ஒட்டுறவு வேகமாகத் தேயும் என்று நம்புகிறது: ஓர் ஆண்டுக்கு 0.5 என்றால் இரண்டு ஆண்டுக்கு 0.25, மூன்று ஆண்டுக்கு 0.125. உண்மையான கூலி விவரத்தில் இரண்டாம் ஆண்டு ஒட்டுறவு 0.25-ஐ விட நிறையவே அதிகமாக இருந்தது. மாநிலப் பொருளாதாரத்தின் அலைகள் நீளமானவை. முதல் ஆண்டு ஒட்டுறவை மட்டும் பார்த்தால் அந்த நீளம் தெரியாது.

இதில் ஒரு விஷயம் அடிக்கடி குழப்பப்படுகிறது. போலிச் சட்டங்களின் கெழுக்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கெழு ஒரு பக்கமாகச் சாயவில்லை. அதன் ஆட்டத்தைக் குறைத்துச் சொன்னதுதான் கோளாறு. விதிவிலக்கு ஒன்று உண்டு: சென்ற ஆண்டுக் கூலியையே விளக்க மாறியாக மாதிரிக்குள் போட்டிருந்தால், தொடர் ஒட்டுறவு கெழுவையும் கெடுத்துவிடும்.

## வீட்டிலேயே செய்து பார்க்க

ஆர் மொழி தெரிந்தவர்கள் இதை ஒரு நிமிடத்தில் ஓட்டிவிடலாம். 100 காலப்புள்ளிகள், பாதியில் வரும் போலிச் சட்டம், விளைவே இல்லாத தரவு:

```r
n   <- 100
law <- rep(0:1, each = n/2)
p <- replicate(5000, {
  e <- arima.sim(list(ar = 0.8), n)
  summary(lm(e ~ law))$coefficients[2, 4]
})
mean(p < 0.05)
```

விடை 0.5-ஐ ஒட்டி வரும். `e` வரியை `rnorm(n)` என்று மாற்றினால் 0.05-க்கு இறங்கிவிடும். பிறகு `e` வரியைப் பழையபடி 0.8 ஒட்டுறவுக்கே கொண்டுவந்துவிட்டு, `lm(e ~ law)` என்பதை `lm(e ~ sample(law))` என்று மாற்றுங்கள். சட்டம் வருவதும் போவதுமாகக் குருட்டாம்போக்கில் மாறும். விடை மறுபடி 0.05-ஐ ஒட்டி நிற்கும். பெருக்கல் விதி வேலை செய்வதை இதைவிட நேராகக் காட்ட முடியாது.

## கண்டுபிடிக்கும் வழி

எச்சங்களை மாநிலவாரியாகப் பிரித்து, ஆண்டு வரிசையில் வரைபடம் போடுவதுதான் முதல் வேலை. பூஜ்யக் கோட்டுக்கு மேலே நீண்ட நடை, பிறகு கீழே நீண்ட நடை என்று தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரே ஒரு காலத்தொடர் என்றால் 1950-களின் தொடக்கத்தில் வந்த டர்பின்–வாட்சன் எண் இன்னும் பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. அது ஏறக்குறைய 2(1 − re). ஒட்டுறவு இல்லையென்றால் 2 வரும். 1 வந்தால் ஒட்டுறவு 0.5 என்று வாசிக்கலாம். அது ஒரு படி இடைவெளியை மட்டுமே பார்க்கும். சார்ந்த மாறியின் பழைய மதிப்பு மாதிரிக்குள் இருந்தால் 2-ஐ நோக்கி இழுக்கப்பட்டு, எல்லாம் நலம் என்று பொய் சொல்லும். அங்கே புரூஷ்–காட்ஃப்ரே சோதனை பொருத்தம்.

எச்சத்தில் ஒட்டுறவு தெரிந்ததும் திட்டப்பிழையைத் திருத்த ஓடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: மாதிரியே தவறா? வளைந்து ஏறும் தொடருக்கு நேர்கோடு பொருத்தினால் எச்சம் கட்டாயம் அலை அலையாகத்தான் வரும். அந்த அலையைத் திட்டப்பிழைக்குள் அடக்குவது விடுபட்ட மாறியை மூடி மறைப்பதற்குச் சமம்.

## திருத்தும் வழி, அதன் விலை

முதலில் எது உதவாது என்று சொல்லிவிடலாம். ஸ்டாட்டா மென்பொருளில் பலரும் பழக்கத்தில் தட்டும் இந்த முதல் வரி ஒட்டுறவைத் தொடுவதே இல்லை:

```
reg lwage law i.state i.year, robust
reg lwage law i.state i.year, vce(cluster state)
```

`robust` என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாப் பிரச்சினைக்கும் காப்பு என்று தோன்றும். அது கையாளுவது எச்சங்களின் பரவல் இடத்துக்கு இடம் வேறுபடுவதை மட்டும். ஒவ்வொரு எச்சத்தையும் அது இன்னமும் தனித்தனியாகத்தான் வர்க்கம் எடுக்கிறது. நம் உதாரணத்தில் 38-லேயே நிற்கிறது. இரண்டாவது வரி மாநிலத்துக்குள் முதலில் கூட்டிவிட்டு அப்புறம் வர்க்கம் எடுக்கிறது, அதாவது 144. ஒட்டுறவு எந்த வடிவத்தில் தேய்கிறது என்று நாம் சொல்லவே தேவையில்லை என்பதுதான் இதன் அழகு. ஒரு மாநிலத்தின் எச்சம் இன்னொரு மாநிலத்தோடு ஒட்டக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

போலிச் சட்டச் சோதனையில் 50 மாநிலங்களையும் வைத்து இப்படிக் கொத்துவாரியாகக் கணக்கிட்டபோது, பொய் மணி 5 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இன்னும் எளிய வழியும் நன்றாகவே வேலை செய்தது: காலத்தை மடித்துவிடுவது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் சட்டத்துக்கு முந்தைய சராசரி ஒன்று, பிந்தைய சராசரி ஒன்று என்று இரண்டே எண்களாக்கிவிட்டால் ஒட்டுவதற்கு ஆண்டுகளே மிச்சமில்லை. சட்டம் கொண்டுவந்த மாநிலங்கள் எல்லாவற்றிலும் அது ஒரே ஆண்டில் வந்திருந்தால் இது நேரடியாகப் பொருந்தும். வேறுவேறு ஆண்டுகளில் வந்திருந்தால் மாநில, ஆண்டு விளைவுகளை முதலில் நீக்கிவிட்டு மடிக்க வேண்டும்.

பழைய பாணித் திருத்தம், அதாவது ஒட்டுறவை ஓர் எண்ணாக மதிப்பிட்டு அதை வைத்துத் தரவை மாற்றுவது, அங்கே அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. 21 ஆண்டு போன்ற குட்டைத் தொடரில், மாநிலச் சராசரியைக் கழித்த பிறகு மதிப்பிடும் ஒட்டுறவு பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே வரும். திருத்தமும் குறைவாகவே நடக்கும். மாநிலங்கள் எதுவும் இல்லாமல் ஒரே நீண்ட தொடர் மட்டும் கையில் இருந்தால், 1987-இல் வந்த நியூவி–வெஸ்ட் முறைதான் வழக்கம். எத்தனை படி இடைவெளிவரை குறுக்குப் பெருக்கங்களைச் சேர்ப்பது என்று ஆய்வாளரே முடிவு செய்ய வேண்டும். 40, 50 புள்ளிகள் மட்டும் இருந்தால் அதுவும் திட்டப்பிழையைக் கொஞ்சம் குறைத்தே சொல்லும்.

சரியான திட்டப்பிழைக்கு ஒரு விலை உண்டு. அது பெரிதாவதால், உண்மையிலேயே இருக்கும் சின்ன விளைவுகளும் கண்ணில் படாமல் போகும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில் அந்தத் தகவல் முதலிலிருந்தே தரவில் கிடையாது. சூத்திரம் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. 1990 முதல் 2000 வரை இந்த வகை ஒப்பீட்டைப் பயன்படுத்திய 92 ஆய்வுக் கட்டுரைகளை மூவரும் புரட்டிப் பார்த்தார்கள். அவற்றில் 65-க்கு இந்தத் தொடர் ஒட்டுறவுச் சிக்கல் வரக்கூடியதாக இருந்தும், வெளிப்படையாகக் கையாண்டவை 5 மட்டுமே.

## மாநிலங்கள் குறைவாக இருந்தால்

கொத்துவாரித் திட்டப்பிழையின் பலம் கொத்துகளின் எண்ணிக்கையில் இருக்கிறது, ஆண்டுகளில் இல்லை. 50 மாநிலங்களின் வர்க்கங்களைச் சராசரி எடுத்தால் அந்தச் சராசரி நிலையாக இருக்கும்; 6 மாநிலங்களை எடுத்தால் அதுவே கண்டபடி ஆடும், பெரும்பாலும் சிறியதாகவே விழும். அந்த நிலையில் 1.96 என்ற எல்லைக்குப் பதிலாகக் கொத்துகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து t அட்டவணையைப் பார்ப்பது குறைந்தபட்சத் திருத்தம்: 6 மாநிலத்துக்கு எல்லை 2.57. வைல்ட் கொத்துவாரி பூட்ஸ்ட்ராப், அதாவது கொத்துகளின் எச்சங்களுக்குக் குறியை மாற்றி மாற்றிக் கொடுத்துத் திரும்பத் திரும்பக் கணக்கிடும் முறை, பொதுவாக அதைவிட நல்லது.

மிகக் கடினமான நிலை நமக்குப் பழக்கமானதுதான்: ஒரு திட்டம் தமிழ்நாட்டில் மட்டும் வந்திருக்கிறது, மற்ற மாநிலங்களில் இல்லை. சட்டம் வந்த கொத்து ஒன்றே ஒன்று என்றால், 28 மாநிலத் தரவு கையில் இருந்தாலும் கொத்துவாரித் திட்டப்பிழை அபத்தமாகச் சிறியதாக வரும். இங்கே போலிச் சட்ட விளையாட்டையே சோதனையாக மாற்றிவிடலாம். மற்ற 27 மாநிலங்கள் ஒவ்வொன்றிலும் அதே ஆண்டில் அதே திட்டம் வந்ததாகப் பாவித்து, 27 போலிக் கெழுக்களைக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு மாநிலத்தின் நீண்ட அலைகளும் அந்தப் போலிக் கெழுக்களுக்குள் ஏற்கெனவே இருப்பதால், ஒட்டுறவைத் தனியாகத் திருத்த வேண்டியதில்லை. குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் பார்த்து 28-ஐயும் வரிசைப்படுத்தினால், தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தால் p மதிப்பு, அதாவது விளைவே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு, 1/28, அதாவது 0.036. இரண்டாம் இடம் என்றால் 2/28, அதாவது 0.07, வழக்கமான எல்லைக்கு வெளியே போய்விடும்.